இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பு: ஒரு நர்சிங் அசைன்மென்டுக்கு ஆய்வுகளைத் தேடிய பதிவு

ஒருவழியாக என் தேடல் வரி வேலை செய்துவிட்டது. வந்தே தீர வேண்டும் என்று குறித்து வைத்திருந்த மூன்று ஆய்வுகளும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் ஒரே பட்டியலில் வந்தன. சம்பந்தமில்லாத கட்டுரைகளும் இருந்தன, ஆனால் உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவில்தான். மறந்துபோவதற்குள் படிப்படியாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி அசைன்மென்ட் எழுதப்போகிறவர்களுக்கு நேரம் மிச்சமாகும்.

எம்.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் சான்று சார்ந்த நடைமுறை பற்றிய அசைன்மென்ட் இது. வார்டில் தினமும் செய்கிற ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆய்வுகளில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுத வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பொசிஷன் மாற்றுவதை நான் எடுத்துக்கொண்டேன். பெட் சோர் வராமல் இருக்க முதல் ஆண்டிலிருந்தே இதைச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் நைட் டியூட்டியில் வார்டு முழுவதையும் ஒரே ஸ்டாஃப் பார்க்கும்போது அந்த சார்ட் எப்படி நிரம்புகிறது என்பது நர்ஸ்கள் எல்லாருக்கும் தெரியும். மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினாலும் புண் வராது என்று ஆய்வு சொன்னால் அது எங்களுக்குப் பெரிய விஷயம். வராது என்று சொல்ல முடியாவிட்டால் அதுவும் பெரிய விஷயம்தான். அப்போது இரவுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்க அதுவே ஆதாரம்.

கேள்வியை இரண்டு வரிசையாகச் சுருக்கியது

வகுப்பில் PICO சொல்லித் தந்திருந்தார்கள்: யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவு. நான்கையும் தாளில் எழுதினேன். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், இரண்டு மணி நேரத் திருப்பல், மூன்று அல்லது நான்கு மணி நேரத் திருப்பல், புதிதாக வரும் புண். நான்கையும் AND போட்டுத் தேடினால் பட்டியல் மிகவும் சுருங்கிவிடுகிறது. சுருக்கத்தில் "இரண்டு மணி நேரம்" என்று எழுதாத நல்ல கட்டுரை எல்லாம் வெளியே போய்விடும். அதனால் தேடலுக்கு இரண்டு வரிசை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று புண், இன்னொன்று திருப்புதல். மற்ற இரண்டையும் கட்டுரையைப் படிக்கும்போது கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

புண் வரிசையில் எவ்வளவு பெயர் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பழைய கட்டுரைகளில் decubitus ulcer, bedsore, pressure sore. அப்புறம் நீண்ட காலம் pressure ulcer. 2016இல் அமெரிக்காவின் படுக்கைப் புண் ஆலோசனைக் குழு pressure injury என்று மாற்றியது, 2019இல் தன் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டு NPIAP ஆனது. ஐரோப்பியர்கள் இன்னும் pressure ulcer என்றே எழுதுகிறார்கள். வார்டில் நாம் சொல்கிற பெட் சோரை மட்டும் தட்டினால் என்ன ஆகும்? பப்மெட் கொஞ்சம் உதவும். bedsore என்று தட்டினால் அதுவாகவே Pressure Ulcer என்ற MeSH தலைப்பையும் சேர்த்துத் தேடும். கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்க அவற்றுக்கு ஒட்டும் தலைப்புகள்தான் MeSH. Advanced பக்கத்தில் போய், History பகுதியில் அந்தத் தேடலின் Details-ஐ விரித்துப் பார்த்தால் அது என்ன செய்தது என்று தெரியும். அதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் போட்ட வரி இது:

```
pressure ulcer AND turning OR repositioning
```

பட்டியலின் மேலேயே தலைசுற்றல் நோய்க்கான canalith repositioning பற்றிய கட்டுரைகளும், பல் ஈறு அறுவை சிகிச்சைக் கட்டுரைகளும் வந்து நின்றன. பப்மெட் இடமிருந்து வலமாக வாசிக்கிறது. அடைப்புக்குறி இல்லாததால் முதல் இரண்டையும் சேர்த்துவிட்டு, அதோடு "அல்லது repositioning உள்ள எல்லாமும்" என்று எடுத்துக்கொண்டது. நமக்குச் சம்பந்தமே இல்லாத துறை ஒன்று பட்டியலில் கூட்டமாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது அடைப்புக்குறியைத்தான்.

அடுத்தது decubitus. இந்தச் சொல்லைத் தனியாகப் போட்டால் lateral decubitus என்று மயக்க மருந்து, எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைக் கட்டுரைகள் வரிசையாக வரும். ஒருக்களித்துப் படுக்கும் நிலைக்கு அங்கே அதுதான் பெயர். நம் இரண்டாவது வரிசையோ படுக்கும் நிலையைப் பற்றியது, அதனால் AND போட்டும் அவை போகாது. "decubitus ulcer*" என்று சேர்த்து எழுதிய பிறகுதான் அடங்கியது. நட்சத்திரம் போட்டால் அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். திருப்புதல் வரிசையில் turn* என்று நட்சத்திரம் போட்டதும் அதே கதைதான். turnover வரும், return வராது, ஆனால் "in turn" என்று எழுதியவர்கள் எல்லாரும் வருவார்கள். turning என்று முழுச் சொல்லாகவே போடுவது மேல்.

கடைசியில் நின்ற வரி:

```
("Pressure Ulcer"[Mesh] OR "pressure ulcer*"[tiab]
 OR "pressure injur*"[tiab] OR "pressure sore*"[tiab]
 OR bedsore*[tiab] OR "decubitus ulcer*"[tiab])
AND
("Patient Positioning"[Mesh] OR reposition*[tiab]
 OR turning[tiab])
```

[tiab] என்றால் தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று அர்த்தம். MeSH மட்டும் போதுமே, ஏன் இத்தனை சொல் என்று கேட்கலாம். Patient Positioning என்ற தலைப்பே MeSH-இல் 2011இல்தான் சேர்ந்தது. தலைப்பின் பக்கத்திலேயே அது சேர்ந்த ஆண்டு இருக்கும். அதற்கு முன்னால் வந்த கட்டுரைகள் வேறு தலைப்புகளின் கீழ் கிடக்கின்றன, அவற்றைப் பிடிக்கச் சாதாரணச் சொற்கள்தான் வேண்டும்.

வரி சரியா என்று பார்த்த விதம்

இதைச் சொல்லிக் கொடுத்தது எங்கள் நூலகர். "வந்ததைப் பார்த்துத் திருப்திப்படாதீங்கம்மா. வர வேண்டியது வந்துச்சான்னு பாருங்க" என்றார். முக்கியமான இரண்டு மூன்று கட்டுரைகளை வேறு வழியில் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் வரி அவற்றைப் பிடிக்கவில்லை என்றால் வரியில் ஓட்டை இருக்கிறது.

வேறு வழி என்பது, ஒரு கேள்விக்கான ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. இந்தக் கேள்விக்கென்றே ஒன்று இருக்கிறது, 2014இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்டது. பெரியவர்களுக்குப் புண் வராமல் இருக்கப் பொசிஷன் மாற்றுவது பற்றி 8 ஆய்வுகள், 3941 பேர். கொக்ரேன் தொகுப்பு வெளியாகி ஓராண்டு ஆனால் முழுவதும் இலவசமாகவே படிக்கலாம். அதற்குள் இருந்து டெஃப்ளோர் 2005, மூர் 2011, பெர்க்ஸ்ட்ராம் 2013 என்று மூன்றை எடுத்துச் சோதனைக்கு வைத்துக்கொண்டேன். டெஃப்ளோரின் கட்டுரைத் தலைப்பில் turning என்றுதான் இருக்கிறது, reposition இல்லை. 2005இல் வந்ததால் புதிய MeSH தலைப்பும் உதவாது. சம்பந்தமில்லாதவை அதிகம் வருகின்றன என்று turning என்ற சொல்லைத் தூக்கியிருந்தால் அது தப்பிப் போயிருக்க வாய்ப்பு நிறைய.

சினால் என்ற நர்சிங் கட்டுரைத் தளம் எங்கள் கல்லூரி நூலகக் கணினியில் மட்டும் திறக்கும். நர்சிங் இதழ்கள் பப்மெட்டைவிட அதில் அதிகம். அங்கே MeSH செல்லாது, அதற்கென்று தனித் தலைப்புப் பட்டியல் உண்டு. [tiab] என்பதும் அதற்குப் புரியாது, தலைப்புக்கு TI, சுருக்கத்துக்கு AB என்று முன்னால் போட வேண்டும். பப்மெட் வரியை அப்படியே ஒட்டினால் எதுவும் வராது, அல்லது குப்பை வரும். கூகுள் ஸ்காலரைத் தேட நான் பயன்படுத்தவில்லை. ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன், அதற்கு அது அருமை.

ஐந்து ஆண்டு வடிகட்டி

இங்கேதான் நிறைய நேரம் போனது, போனதில் வருத்தமும் இல்லை. அசைன்மென்ட் தாளில் "கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகள்" என்று இருந்தது. அந்த வடிகட்டியைத் தட்டியதும் மூன்று சோதனைக் கட்டுரைகளும் மறைந்துவிட்டன. மீதி இருந்தவற்றில் பெரும்பாலானவை, அந்த மூன்றையும் மேற்கோள் காட்டிப் பேசுகிறவை. திருப்பும் இடைவெளியை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வுகள் ஆண்டுக்கு ஒன்று வருவதில்லை. நூற்றுக்கணக்கானவர்களை நாள்கணக்கில், குறித்த நேரத்தில் திருப்பி, தோலைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டிய வேலை அது.

மேடத்திடம் போய்க் கேட்டேன். "மருந்து, கிட், மெஷின்னா அஞ்சு வருஷம் வை. இதுக்கு ஏன் பழசை எடுத்தேன்னு ஒரு பத்தி எழுது, நான் ஒத்துக்கறேன்" என்றார். அந்தப் பத்தியை எழுதினேன். இப்போது யோசித்தால், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

Free full text வடிகட்டியும் அப்படித்தான். அது தரத்தைப் பார்ப்பதில்லை, பணம் கட்ட வேண்டுமா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. காசு கேட்கும் கட்டுரைகளின் பட்டியலை நூலகரிடம் கொடுத்தேன், சிலவற்றை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்தார். மீதிக்குக் கட்டுரையை எழுதியவருக்கே ஒரு சிறு மின்னஞ்சல் எழுதினால் பெரும்பாலும் பி.டி.எஃப். அனுப்பிவிடுகிறார்கள். மொத்தச் செலவு ஜெராக்ஸ் காசு மட்டும்தான். குறிப்புகளைச் சேர்த்து வைக்க ஸொட்டேரோ, 300 எம்.பி. வரை இலவசம், ஒரு அசைன்மென்டுக்கு ஏராளம்.

தள்ளிவிட்டவை

எளிதாகத் தள்ளியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் பெட் விற்கிற கம்பெனிகளின் தளங்கள் போயின. நர்சிங் நோட்ஸ் பக்கங்களும் போயின. அவற்றில் எலும்பு துருத்திய இடத்தில் ஸ்பிரிட், பவுடர் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார்கள், வட்டமான ஏர் குஷன் வைக்கச் சொல்கிறார்கள், குதிகாலுக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய கிளவுஸ் வைக்கச் சொல்கிறார்கள். சர்வதேச வழிகாட்டி நெறி இவை மூன்றையும் வேண்டாம் என்கிறது. ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இது நல்ல அளவுகோலாக இருந்தது: ஏர் ரிங் வைக்கச் சொன்னால் மூடிவிடு.

இதழ்களைச் சலிப்பதுதான் கஷ்டம். ஒரு கட்டுரை எங்கள் கேள்விக்கு அப்படியே பொருந்துகிற மாதிரி இருந்தது. இந்திய வார்டு, இரண்டு மணி நேரத் திருப்பல், முடிவில் "மிகவும் பயனுள்ளது". முதல் பக்கத்தின் அடியில் கட்டுரை வந்த தேதியும் ஏற்றுக்கொண்ட தேதியும் இருந்தன, இடையில் சில நாள்கள்தான். இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லி, ஆசிரியர் திருத்தி அனுப்ப அந்த நாள் போதாது. இதழின் முகப்பில் ஒரு தாக்க எண் பெரிதாக இருந்தது, ஆனால் அதைக் கணக்கிட்டது யார் என்று தேடினால் உருப்படியாக எதுவும் இல்லை. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகமான என்.எல்.எம்.-இன் கேட்டலாக்கில் இதழின் பெயரைப் போட்டு, அவர்கள் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களின் பட்டியலான டி.ஓ.ஏ.ஜே.யிலும் இல்லை. இந்த இரண்டிலும் இல்லாத நேர்மையான இதழ்களும் உண்டு, அதனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தள்ளக் கூடாது. யு.ஜி.சி. கேர் பட்டியலைப் பார்க்கச் சொல்லி சீனியர் அக்கா ஒருவர் சொன்னார், ஆனால் அந்தப் பட்டியலை யு.ஜி.சி.யே 2025இல் கைவிட்டுவிட்டது.

என்னை முடிவெடுக்க வைத்தது உள்ளே இருந்த அட்டவணைதான். எத்தனை பேருக்குப் புண் வந்தது என்று எங்கும் இல்லை. பராமரிப்பவர்களுக்குப் புண் தடுப்பு பற்றி என்ன தெரியும் என்று முன்னும் பின்னும் கேட்ட கேள்வித்தாள் மதிப்பெண்கள்தான் இருந்தன. அறிவு கூடியது என்றால் புண் குறைந்தது என்று அர்த்தமில்லை. நம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இருக்கும் எம்.எஸ்சி. ஆய்வேடுகளிலும் இப்படி "கற்பித்தல் திட்டத்தின் பயன்" என்ற வகை நிறைய. அவை பொய் இல்லை, என் கேள்விக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். வழிமுறையைப் படிக்காமல் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் எடுத்து எழுதினால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

இன்னொன்று, மேற்கோள் சங்கிலி. "இரண்டு மணி நேரம் என்பது நிரூபிக்கப்பட்டது" என்று பாடநூல் சொன்னது. அது காட்டிய குறிப்பைப் பிடித்துப் போனால் இன்னொரு பாடநூல், அதைப் பிடித்துப் போனால் இன்னொன்று. பின்னாலேயே போனதில் 1962இல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் குழு முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வும், அதற்கும் முன்னால் 1944இல் ஸ்டோக் மாண்டெவில்லில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மனின் வார்டு ஒழுங்கும் வந்தன. இரண்டும் மதிக்க வேண்டியவை, உயிர்களைக் காத்தவை. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் இல்லை, அன்றைய மெத்தையும் வேறு. அதனால் "நிரூபிக்கப்பட்டது" என்ற வரியை எடுத்துவிட்டு, வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுதினேன்.

நல்ல ஆய்வே பொருந்தாமல் போன இடம்

பெர்க்ஸ்ட்ராம் ஆய்வு பார்த்ததும் மனசு குளிர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்கள், 942 பேர், மூன்று வாரம். 2, 3, 4 மணி நேரம் என்று மூன்று குழு. புண் வந்தது 2 மணிக் குழுவில் 2.5 சதவீதம், 3 மணியில் 0.6, 4 மணியில் 3.1. குழுக்களுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் நான்கு மணி போதும் என்று எழுதிவிடலாமா? வழிமுறைப் பகுதியில் எல்லாரும் அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள் என்று இருக்கிறது. எங்கள் வார்டு மெத்தை ரெக்சின் போட்டது, நடுவில் குழி விழுந்தது.

இதற்குப் பிறகு டெஃப்ளோரை மறுபடி படித்தபோதுதான் அது முழுசாகப் புரிந்தது. 838 பேரில் சாதாரண மெத்தையில் 2 மணிக்கு ஒருமுறை திருப்பியவர்களில் இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேலான புண் 14.3 சதவீதம், அதே மெத்தையில் 3 மணிக்கு 24.1. விஸ்கோஎலாஸ்டிக் ஃபோமில் 4 மணிக்கு 3.0, 6 மணிக்கு 15.9. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் இந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. 2 மணியைவிட 4 மணி நல்லது என்று வருகிறதே! மெத்தையையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒழுங்காகிறது. மூர் ஆய்வில் இன்னொரு கோணம்: அயர்லாந்தில் 213 பேர், இரவில் 3 மணிக்கு ஒருமுறை 30 டிகிரி சாய்த்தவர்களில் 3 சதவீதம், 6 மணிக்கு ஒருமுறை 90 டிகிரி ஒருக்களித்தவர்களில் 11 சதவீதம். இதில் இடைவெளியும் கோணமும் சேர்ந்தே மாறுகின்றன, எது காரணம் என்று பிரிக்க முடியாது.

கொக்ரேன் தொகுப்பும் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றுதான் சொல்கிறது. 2019 சர்வதேச நெறி ஒரே மணிக்கணக்கை எல்லாருக்கும் சொல்லாமல், ஆளையும் மெத்தையையும் தோலையும் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. அசைன்மென்டில் நான் எழுதிய முடிவு இது: நல்ல ஃபோம் மெத்தையில், அபாயம் அளந்து பார்த்தவர்களுக்கு, இடைவெளியை 4 மணி வரை நீட்டலாம் என்று நினைக்க இடம் இருக்கிறது. குழி விழுந்த மெத்தைக்கு இந்த ஆய்வுகளைக் காட்டி நேரத்தை நீட்ட முடியாது. சாதாரண மெத்தையிலேயே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினாலும் புண் வரலாம் என்பதைத்தான் டெஃப்ளோரின் 14.3 காட்டுகிறது. வார்டுக்கு மெத்தை கேட்டு எழுதும் கடிதத்தில் சேர்க்க வேண்டிய எண் அது.

அடுத்த முறை சில விஷயங்களை மாற்றுவேன். மூன்றாவது வரிசையாக mattress*, foam, "support surface*" ஆகியவற்றை ஆரம்பத்திலேயே எழுதி வைப்பேன். AND போட அல்ல, தனியாக இன்னொரு தேடல் ஓட்ட. ஒவ்வொரு தேடலுக்கும் தேதி, எந்தத் தளம், அப்படியே நகல் எடுத்த வரி, வந்த எண்ணிக்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் தாளில் போடுவேன். தள்ளிய கட்டுரைக்குப் பக்கத்தில் காரணத்தையும் அன்றே எழுத வேண்டும், "விளைவு வேறு", "மெத்தை சொல்லப்படவில்லை", "முழுக் கட்டுரை கிடைக்கவில்லை" என்று மூன்று நான்கு சொல்லில். பப்மெட் கணக்கில் வரியைச் சேமித்துவிட்டால் புதிதாக வருவதை மின்னஞ்சலில் அனுப்பும், அதையும் இப்போதே போட்டுவிட்டேன். இரவில் திருப்பும்போது நோயாளி எத்தனை முறை விழித்துக்கொள்கிறார் என்பதைத் தேடத் தொடங்கவே இல்லை. அதற்கு sleep வரிசை ஒன்றைத் தனியாக எழுத வேண்டும், அடுத்த அசைன்மென்டுக்கு வைத்திருக்கிறேன்.